36 லிட்டர் கேபின் சூட்கேஸ்: இரட்டைச் சக்கரம், எண் பூட்டு, கருநீலம்

மூன்று நாள் பயணத்திற்கான துணிகளை அடக்கும் இப்பெட்டி, பாலிப்ரொப்பிலீனால் ஆன கடின உடல் கொண்டது. காலிப் பெட்டியின் எடை 2.6 கிலோ. சக்கரங்களையும் மேல், பக்கக் கைப்பிடிகளையும் சேர்த்து அளந்தால் உயரம் 55, அகலம் 35, தடிமன் 23 செ.மீ. இந்திய உள்நாட்டு விமானங்களில் பொதுவாக அனுமதிக்கப்படும் 55 x 35 x 25 செ.மீ. அளவுக்குள் இது அடங்கும். சில நிறுவனங்கள் வேறு அளவு வைத்திருப்பதால், பயணச்சீட்டில் குறிப்பிட்டுள்ளதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

36 லிட்டர் என்பது உள்ளே பொருள் வைக்கக்கூடிய இடத்தின் அளவு. வெளி அளவுகளைப் பெருக்கினால் 44 லிட்டர் வருமே என்று கேட்கலாம். சக்கரங்களும், இழுகைப்பிடியின் குழாய்களும், பெட்டியின் வளைந்த மூலைகளும் மீதியை எடுத்துக்கொள்கின்றன. நடுவிலுள்ள கூடுதல் ஜிப்பைத் திறந்தால் கொள்ளளவு 42 லிட்டராக உயரும், ஆனால் தடிமனும் 27 செ.மீ. ஆகிவிடும் என்பதால், அந்த நிலையில் இதைக் கைப்பையாக விமானத்துக்குள் எடுத்துச் செல்ல முடியாது. எழும்பூரிலிருந்து ரயிலில் ஊருக்குப் போகும்போதும், செக்-இன் சாமானாகப் போடும்போதும் அந்த ஜிப்பைத் தாராளமாகத் திறக்கலாம். கைப்பைக்கு 7 கிலோ வரம்பு உள்ள விமானத்தில் பெட்டியின் எடை போக 4.4 கிலோவே மிஞ்சுகிறது. பட்டுப்புடவைகளும் மடிக்கணினியும் ஒன்றாக வைப்பவர்களுக்கு இடம் தீர்வதற்கு முன்பே எடை தீர்ந்துவிடும்.

அடியில் நான்கு இரட்டைச் சக்கரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் முழு வட்டமாகத் திரும்பும். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வழவழப்பான தளத்திலும் மெட்ரோ நடைமேடையிலும் பெட்டியைச் சாய்க்காமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே நடக்கலாம். தி.நகரின் உடைந்த நடைபாதைக் கற்களின் மேல் அப்படித் தள்ளினால் சக்கரம் இடுக்கில் மாட்டும். அங்கே சாய்த்து இரு சக்கரங்களில் இழுப்பதே சரி. நாள் முழுதும் கரடுமுரடான தெருவில் இழுப்பவர்களுக்கு, உள்ளமைந்த இரு சக்கரப் பெட்டியே இதைவிட ஏற்றது என்பது எங்கள் கருத்து.

பூட்டு, பக்கவாட்டில் பதிக்கப்பட்ட மூன்று இலக்க எண் பூட்டு. ஜிப்பின் இரு முனைகளும் அதற்குள் செருகப்படும். தொடக்க எண் 000. பூட்டு திறந்திருக்கும்போது அருகிலுள்ள சிறு பொத்தானைப் பேனா முனையால் அழுத்தி, விரும்பிய எண்ணுக்குச் சுழற்றினால் புதிய எண் பதியும். TSA குறியுள்ள பூட்டு என்பதால், அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்பு அதிகாரிகள் அதை உடைக்காமல் தங்களிடமுள்ள சாவியால் திறந்து சோதிப்பார்கள். பூட்டில் தெரியும் சாவித்துளை அவர்களுக்கானது. பெட்டியுடன் சாவி வராது, ஆகவே எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.

விலை, வரி உட்பட ரூ.3,450. சக்கரம், இழுகைப்பிடி, பூட்டு ஆகியவற்றுக்கு 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு. வெளிப்புறக் கீறல்களுக்கு இல்லை.