ஜூன், ஜூலை பதிவுத் திட்டம்

தம்பி, சம்பளக்காரர்கள் வருமான வரி ரிட்டன் போட ஜூலை 31 கடைசி நாள். அதற்கான பதிவுகள் இவை. எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் இரவு 8 மணிக்குப் போகட்டும். வேலை முடிந்து போனைப் பார்க்கும் நேரம் அதுதான்.

ஜூன் 16: "ஃபார்ம் 16 கைக்கு வந்துவிட்டதா? வருமான வரித் தளத்தில் உள்ள ஏஐஎஸ் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேங்க் வட்டி அதில் இருக்கும்."

ஜூலை 1: இதுதான் முக்கியம், மூன்று நாள் தொடர்ந்து போடு. "வீட்டுக் கடன் வட்டி, எல்ஐசி கழிவு வேண்டுமா? ஜூலை 31-க்குள் தாக்கல் செய்தால்தான் சம்பளக்காரர்கள் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். தாமதித்தால் அந்த வாய்ப்பே போய்விடும்." முன்பு ஒரு வருஷம் இது தெரியாமல் ஓர் ஆசிரியை ஆகஸ்டில் வந்தார். கண் கலங்கிப் போனார். இந்த வருஷம் யாருக்கும் அப்படி ஆகக்கூடாது.

ஜூலை 15: "தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000."

ஜூலை 25: "கடைசி நாளில் தளம் திணறலாம், இப்போதே வாருங்கள்."

ஆகஸ்ட் 1: "ரிட்டன் போட்ட 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்துவிடுங்கள்."

அப்புறம், 'அதிக ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்' என்று எங்கேயும் எழுதாதே. கமெண்டில் யாராவது பான் எண் போட்டால் உடனே நீக்கிவிட்டுப் போனில் கூப்பிடு.