அயற்கூற்று மாற்றப் பயிற்சி: திருத்தக் குறிப்பு

கயல்விழிக்கு,

நீ மாற்றி எழுதிய பகுதியை மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தேன். மேற்கோள் குறிகளை முறையாக நீக்கியிருக்கிறாய். தொடர்களை ‘உம்’ சேர்த்து ஒரே வாக்கியமாகக் கோத்திருப்பதும் நன்று. ஆனால் மலர் சொன்ன செய்தியே சில இடங்களில் வேறாகிவிட்டது.

மூலம்: மலர் தன் தம்பியிடம், “நான் இன்று மாலை நூலகத்துக்குப் போகிறேன். நேற்று நீ கொடுத்த புத்தகத்தை அங்கே திருப்பித் தந்துவிடுவேன். நாளை நமக்குத் தேர்வு இருக்கிறது, ஆகவே, நீ இங்கேயே இருந்து படி” என்று கூறினாள்.

நீ எழுதியது: மலர் தன் தம்பியிடம் தான் இன்று மாலை நூலகத்துக்குப் போனதாகவும், நேற்று தான் கொடுத்த புத்தகத்தை அங்கே திருப்பித் தந்துவிட்டதாகவும், மறுநாள் நமக்குத் தேர்வு இருந்ததாகவும், ஆகவே அவனை இங்கேயே இருந்து படி என்றும் கூறினாள்.

முதலில் காலத்தைப் பார்ப்போம், ஏனெனில் பெரிய பிழை அங்கேதான் இருக்கிறது. ‘கூறினாள்’ என்பது இறந்தகாலம் என்பதால் உள்ளே இருக்கும் வினைகளையும் ஒரு படி பின்னே தள்ளியிருக்கிறாய். அது ஆங்கில வகுப்பில் நீ படித்த விதி. தமிழுக்கு அது பொருந்தாது. தமிழில் உள்வினையின் காலம், பேசியவர் பேசிய நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. கூறும் வினை எந்தக் காலத்தில் இருந்தாலும் அது மாறுவதில்லை. ஐயம் வரும்போது, எழுதிய தொடரை மீண்டும் நேர்க்கூற்றாக்கிப் பார். ‘போனதாக’ என்பதைத் திருப்பினால் “போனேன்” என்றுதான் வரும். மலரோ இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. ‘போகிறேன்’ என்பது ‘போவதாக’ என்றும், ‘தந்துவிடுவேன்’ என்பது ‘தந்துவிடுவதாக’ என்றும், ‘இருக்கிறது’ என்பது ‘இருப்பதாக’ என்றும் மாற வேண்டும். இந்த வடிவத்தில் நிகழ்காலமும் எதிர்காலமும் ஒன்றாகிவிடுவதை நீ கவனித்திருக்கலாம்: “படிக்கிறேன்”, “படிப்பேன்” ஆகிய இரண்டுக்குமே ‘படிப்பதாக’ என்று எழுதுகிறோம். வேறுபாடு முக்கியமாக இருந்தால், ‘படித்துக்கொண்டிருப்பதாக’ என நிகழ்வைத் தெளிவாக்கலாம்.

மூவிடப்பெயர்களில் ‘நான்’ என்பதைத் ‘தான்’ ஆக்கியது சரியே. ஆனால் “நீ கொடுத்த” என்பதைத் ‘தான் கொடுத்த’ என்று எழுதியதால், புத்தகத்தைக் கொடுத்தவள் மலர் என்றாகிவிட்டது. கேட்பவன் தம்பி என்பதால் ‘அவன் கொடுத்த’ என்றே வர வேண்டும். ‘நமக்கு’ என்பதை மாற்றாமல் விட்டதால், அயற்கூற்றை எழுதுகிற உனக்கும் தேர்வு வந்து சேர்ந்துவிட்டது! ‘தங்களுக்கு’ என்றால் பிழையில்லை. ஆயினும் “எங்களுக்கு” என்பதும் ‘தங்களுக்கு’ என்றே மாறுமாதலால், தம்பியும் அதில் அடக்கம் என்பதைக் காட்டத் ‘தங்கள் இருவருக்கும்’ என்று எழுதுவதையே நான் விரும்புவேன்.

காலச்சொற்களில் ‘நாளை’யை மட்டும் மறுநாளாக்கி, மற்ற இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறாய். ‘இன்று’ என்பது ‘அன்று’ ஆகும். ‘நேற்று’ என்பது ‘முந்தைய நாள்’ ஆகும். ‘முன்னாள்’ என்று எழுதுவதும் உண்டு; ஆனால் இக்காலத்தில் அச்சொல்லைக் கண்டதும் முன்னாள் அமைச்சர் நினைவுக்கு வருவதால் நான் தவிர்க்கிறேன். மலர் பேசிய அதே நாளில் அதே வீட்டிலிருந்து ஒருவர் இதை எடுத்துச் சொன்னால் ‘இன்று’, ‘நாளை’ என்பவை மாறாமலே நிற்கலாம். பயிற்சியில் அப்படி ஒரு குறிப்பு இல்லை.

‘இங்கேயே’ என்பது விதிப்படி ‘அங்கேயே’ ஆக வேண்டும். ஆனால் முன்னால் நூலகத்தைக் குறிக்கும் ‘அங்கே’ ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தம்பி நூலகத்தில் அமர்ந்து படிப்பதாகத் தோன்றும். ஆகவே ‘வீட்டிலேயே’ என்று இடத்தைப் பெயர் சொல்லி எழுதுவதே நல்லது. ‘படி’ என்ற ஏவலைப் ‘படிக்குமாறு’ என்று மாற்று.

திருத்திய வடிவம்: மலர் தன் தம்பியிடம் தான் அன்று மாலை நூலகத்துக்குப் போவதாகவும், முந்தைய நாள் அவன் கொடுத்த புத்தகத்தை அங்கே திருப்பித் தந்துவிடுவதாகவும், மறுநாள் தங்கள் இருவருக்கும் தேர்வு இருப்பதாகவும், ஆகவே அவனை வீட்டிலேயே இருந்து படிக்குமாறும் கூறினாள்.

அடுத்த வகுப்புக்குள் இதை மாற்றி எழுதி வா: தாத்தா என்னிடம், “உன் கடிதம் எனக்கு இப்போதுதான் கிடைத்தது, நாளை மறுநாள் நான் உன்னைப் பார்க்க வருகிறேன்” என்று கூறினார். இங்கே கேட்பவர் ‘நான்’ என்பதால் ‘உன்’, ‘உன்னை’ ஆகியவை எப்படி மாறும் என்று யோசி. ‘கிடைத்தது’ என்பது மூலத்திலேயே இறந்தகாலம் என்பதையும் பார்த்துக்கொள்.