நம் கடைக்குப் புதுப் பெயர்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடிப் பதினெட்டு முதல் நம் ‘கும்பகோணம் காபி கிளப்’, ‘அரசலாறு உணவகம்’ ஆகிறது. அப்பா வைத்த பெயரை மாற்ற மனசு வரவே இல்லை. ஆனால் நெடுஞ்சாலை நெடுகிலும் கும்பகோணம் பெயரில் காபிக் கடைகள் வந்துவிட்டன. போன மாசம் ஒரு பெரியவர் கல்லாவுக்கு வந்து, “உங்க கிளையில பால் திரிஞ்சிருந்துச்சே தம்பி” என்று வருத்தப்பட்டார். நமக்குக் கிளையே கிடையாது. அன்றைக்கே முடிவெடுத்தோம். அப்பா விடிகாலையில் குளித்துவிட்டு அடுப்பு மூட்ட வந்தது அரசலாற்றிலிருந்துதான். அதனால் இந்தப் பெயர்.

புகை படிந்த பச்சைச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். முழங்கால் வலியோடு வருகிறவர்களுக்காக வாசல் படியை எடுத்துச் சாய்தளம் போட்டாயிற்று. பழைய தகரப் பலகை கல்லாவுக்கு மேலேயே இருக்கும். துரு பிடித்த ஓரத்தைக்கூடத் தொடக்கூடாது என்று பெயிண்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

பித்தளை டபராவும், ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குக் கடப்பாவும் அப்படியே உண்டு. பாசிப்பருப்பு வேகும் பக்குவம் பார்த்து, சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்துவிடுவது அதே சமையல்கார அண்ணன்தான். விலையும் ஏறாது.

பெருக்கன்று ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வரும் வழியில் குடும்பத்தோடு வாருங்கள். சித்ரான்னம் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
கல்லாவில் இருக்கும் உங்கள் தம்பி