மறு: கட்டுரைப் படி எண் 2025-47, மதிப்பாய்வு அழைப்பு: ஏற்க இயலாமையும் மாற்றுப் பெயர்களும்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் முனைவர் தா. மங்கையர்க்கரசி அவர்களுக்கு,

வணக்கம். நொய்யல் கரைப் பானை ஓடுகளில் உள்ள தமிழ்-பிராமி எழுத்துகளின் காலம் பற்றிய கட்டுரையை மதிப்பாய்வு செய்யக் கேட்டு நேற்று முன்தினம் தாங்கள் அனுப்பிய அழைப்பு கிடைத்தது. என்னை நினைவில் வைத்துக் கேட்டமைக்கு நன்றி. ஆனால் இதை நான் ஏற்கக் கூடாது. வேறொருவரைத் தேட உங்களுக்கு நாள் வேண்டுமே என்பதால் உடனே எழுதுகிறேன்.

நேரமின்மை இரண்டாவது காரணம்தான். மூன்று வாரக் கெடுவுக்குள் இரண்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திருத்தி அனுப்ப வேண்டியிருக்கிறது. அது மட்டும் என்றால் கூடுதலாக இரண்டு வாரம் கேட்டிருப்பேன். முதற்காரணம் வேறு. 62 ஓடுகளில் 19 ஓடுகள் மேற்பரப்பு ஆய்வில் கிடைத்து ஏற்கெனவே பதிப்பிக்கப்பட்டவை என்று கட்டுரைச் சுருக்கம் சொல்கிறது. அந்த 19-ஐயும் முதலில் வாசித்து வெளியிட்டவன் நான். அந்த வாசிப்புகளில் சில தவறு என்பதே கட்டுரையின் வாதமாகத் தெரிகிறது. வாதம் சரியாகவே இருக்கலாம். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இருப்பது முறையல்ல. ஆசிரியர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. சுருக்கத்தைத் தவிர வேறெதையும் திறக்கவில்லை. திருத்திய படி வந்தாலும் இந்தச் சிக்கல் மாறாது, ஆகவே அடுத்த சுற்றுக்கும் என்னை விட்டுவிடுங்கள்.

மாற்றாக மூவரைச் சொல்கிறேன். இவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை அழைப்போடு வந்த படிவத்தில் நிரப்பியிருக்கிறேன். இரகசியம் கருதி யாரிடமும் நான் பேசவில்லை.

முனைவர் ப. எழிலரசி, தொல்லெழுத்தியல். முதலில் இவரைக் கேளுங்கள். ஓட்டுப் பொறிப்புகள் பெரும்பாலும் நான்கைந்து எழுத்துக்குள் முடிந்துவிடும். 'ஆதன்' போன்ற ஒரு பெயரில் கடைசி எழுத்து மெய்யா, அகரமேறியதா என்பதை எந்த எழுத்துமுறையை வைத்துப் படிக்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது. ஐராவதம் மகாதேவன் பிரித்த மூன்று முறைகளில் இது எது என்று சொல்ல அவ்வளவு சிறிய சான்று பல நேரம் போதாது. எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்துக் காலம் கணிப்பதன் எல்லையை இவர் நன்கு அறிந்தவர். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 9 ஆண்டுகளுக்கு முன் இவர் என் மாணவி. என் வாசிப்புகளை அச்சிலேயே மறுத்தவரும் இவர்தான். இந்த உறவு தடையா என்பதைத் தாங்கள் முடிவு செய்யுங்கள்.

முனைவர் ந. கதிரேசன், கரிமக் காலக்கணிப்பு. கட்டுரை நான்கு கரித்துண்டு மாதிரிகளை நம்பியிருக்கிறது. கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையில் அளவுத்திருத்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடப்பதால், 2450±30 என்று துல்லியமாக வந்த அளவீடும் திருத்திய பிறகு கி.மு. 750 முதல் 410 வரை விரிந்துவிடும். அந்த வீச்சின் நடுப்புள்ளியை மட்டும் எடுத்து 'எழுத்தின் காலம்' என்று எழுதிவிடுவது நம் துறையில் அடிக்கடி நேரும் பிழை. இங்கே அது நேர்ந்திருக்கிறதா, IntCal20 பயன்படுத்தப்பட்டதா, கரியும் ஓடும் ஒரே மண்ணடுக்கில் கிடைத்தவையா என்பதை இவர் கண்டுபிடித்துவிடுவார். மேற்பரப்பில் பொறுக்கிய என் 19 ஓடுகளுக்கு மண்ணடுக்கே கிடையாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இவரோடு நான் சேர்ந்து எழுதியதில்லை.

முனைவர் ஜோ. அருள்ராஜ், மட்கலவியல். சுட்ட பிறகு கீறியதா, ஈரமண்ணில் எழுதியதா என்பதைக் கோட்டின் விளிம்பைப் பார்த்தே சொல்லக்கூடியவர். சுட்டபின் கீறினால் விளிம்பு சில்லுசில்லாகப் பெயர்ந்திருக்கும். ஈரத்தில் எழுதினால் மண் இருபுறமும் மெல்ல மேடிட்டிருக்கும். களைக்கொத்து பட்ட கீறலை எழுத்தின் கால் என்று படித்தவர்கள் உண்டு (நானும் ஒருமுறை). கல்லூரித் தேர்வுப் பணியில் இருப்பதால் இவருக்கு ஒரு மாதம் கொடுங்கள்.

இருவர் போதுமென்றால் எழிலரசியும் கதிரேசனும் சேர்வது நல்லது. எழுத்தியலார் இருவரை மட்டும் வைத்தால் கரிமத் தேதிகளை யாரும் சோதிக்காமலே போய்விடும். எழிலரசி இயலாதென்றால் அருள்ராஜை அழைக்கலாம். அப்போது எழுத்து வாசிப்புக்கு மட்டும் இன்னொருவரிடம் சுருக்கமான கருத்து வாங்குங்கள்.

அந்த 19 ஓடுகளின் மூலப் புகைப்படங்கள், சாய்வொளியில் எடுத்தவை, அளவுகோலோடு என்னிடம் உள்ளன. மதிப்பாய்வாளர்கள் கேட்டால் தங்கள் வழியாக அனுப்புகிறேன். அச்சில் வந்தவை சிறியவை. அவற்றை வைத்து ஒரு கோட்டை உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்புடன்,
இரா. சிவக்கொழுந்து
கல்வெட்டியல் பேராசிரியர்