பாம்பன் பாலம்: என் சொற்களில்

(ஒன்பதாம் வகுப்பு, தமிழ் ஒப்படைப்பு. கலைக்களஞ்சியப் பத்தி ஒன்றைச் சொந்த நடையில் எழுதுதல்)

எடுத்துக்கொண்ட பத்தி:

"பாம்பன் பாலம் என்பது மண்டபத்தையும், இராமேசுவரம் அமைந்துள்ள பாம்பன் தீவையும் இணைக்கும் தொடருந்துப் பாலமாகும். ஏறத்தாழ 2 கி.மீ. நீளமுடைய இப்பாலம் 1914ஆம் ஆண்டு போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இது இந்தியாவின் முதல் கடற்பாலம் எனக் கருதப்படுகிறது. கப்பல்கள் கடந்து செல்வதற்காக, இரு பகுதிகளாகப் பிரிந்து உயரும் தூக்கு அமைப்பு இதில் நிறுவப்பட்டது. அது ஊழியர்களால் கையால் இயக்கப்பட்டது. 1964 டிசம்பரில் வீசிய புயலால் கடுமையாகச் சேதமடைந்த இப்பாலம், 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்கான ஒரே தரைவழி இணைப்பாக இது விளங்கியது. பாதுகாப்புக் காரணங்களால் 2022 டிசம்பரில் இதில் தொடருந்துப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இதன் அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது."

நான் எழுதியது:

இராமேசுவரத்துக்கு இன்று பஸ்ஸிலும் போகலாம். 1988க்கு முன் அது முடியாது. மண்டபத்தைத் தாண்டினால் கடல்தான். படகு வேண்டாம் என்றால் ரயிலில்தான் தீவுக்குள் நுழைய முடியும். அந்த ரயிலைத் தாங்கி நின்றது பாம்பன் பாலம். 1914லிருந்து அது அந்த வேலையைச் செய்துவந்தது. கடல்மேல் நம் நாட்டில் கட்டிய முதல் பாலம் இதுதான் என்பார்கள்.

ஆனால் கடலுக்குக் குறுக்கே இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் போட்டால் கப்பல் எப்படிப் போகும்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் பாலம் இரண்டாகப் பிரிந்து மேலே எழும். எழுப்ப மோட்டார் கிடையாது, ஊழியர்களின் கைதான். கப்பல் போனதும் பாலம் மறுபடி ஒன்று சேரும்.

பாலத்துக்குப் பெரிய அடி விழுந்தது 1964 டிசம்பர் புயலில். பலத்த சேதம். அதைச் சரிசெய்ய ஆன காலம் இரண்டு மாதம்கூட இல்லை, 46 நாள். அதன்பிறகு பல பத்தாண்டுகள் உழைத்த பாலத்தில் இனி ரயிலை ஓட்டுவது பாதுகாப்பில்லை என்று 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே புதிய பாலம் எழுந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி அதைத் திறந்தார்கள்.

ஐயாவுக்கு ஒரு குறிப்பு:

இது என் இரண்டாவது முயற்சி. முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டேன். அது இப்படித் தொடங்கியது: "பாம்பன் பாலம் என்பது மண்டபத்தையும், ராமேஸ்வரம் உள்ள பாம்பன் தீவையும் சேர்க்கும் ரயில் பாலம் ஆகும். சுமார் 2 கி.மீ. நீளம் கொண்ட இந்தப் பாலம் 1914ஆம் ஆண்டு பயணத்துக்குத் திறந்துவைக்கப்பட்டது." இணைக்கும் என்பதைச் சேர்க்கும் என்றும், தொடருந்தை ரயில் என்றும் மாற்றியிருந்தேன், அவ்வளவுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வாக்கியம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றாகவே இருந்தன. வரிசையும் அதேதான்.

அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, என் தம்பிக்குச் சொல்வதுபோல் வாயால் சொல்லிப் பார்த்தேன். "பஸ்ஸில் போகலாமே, பாலம் எதுக்கு?" என்று கேட்டான். அதனால்தான் பத்தியின் கடைசிப் பக்கம் இருந்த 1988 என் முதல் வரிகளுக்கு வந்தது. கப்பல் எப்படிப் போகும் என்பதும் அவன் கேட்டதுதான்.

எழுதி முடித்துப் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தேன். இரண்டு தவறு இருந்தது. "ரயிலை விட்டால் வேறு வழியே இல்லை" என்று எழுதியிருந்தேன். பத்தி சொல்வது "தரைவழி" மட்டும், படகு இருந்திருக்கிறது. "புயல் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது" என்றும் எழுதியிருந்தேன். பத்தியில் இருப்பது கடுமையான சேதம். இரண்டையும் திருத்தினேன். "எனக் கருதப்படுகிறது" என்று அவர்கள் தயங்கிச் சொன்னதை நானும் உறுதியாகச் சொல்லாமல் "என்பார்கள்" என்று வைத்தேன்.

ஆண்டுகள், 46 நாள், மண்டபம் போன்ற பெயர்கள் பத்தியில் உள்ளவையே, அவற்றை மாற்ற முடியாது. அந்தப் புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயில் கடலில் மூழ்கியதை எங்கள் பாட்டி சொல்வார்கள். அதையும் எழுத ஆசையாக இருந்தது. இந்தப் பத்தியில் அது இல்லை என்பதால் சேர்க்கவில்லை.