வரவுசெலவுத் தலைப்புகளுக்கிடையே நிதி மாற்ற அனுமதி கோருதல்

கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்
5.1.2026

பெறுநர்: திட்ட அலுவலர், நன்கொடைப் பிரிவு

பொருள்: மலையூர்க் குடிநீர்த் திட்டம் – ரூ.1,14,000 தலைப்பு மாற்றம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூன்று ஊர்களிலும் ஊற்றுக்கண் பாதுகாப்புப் பணியும் குழாய்ப் பாதையும் முடிந்துவிட்டன. தொட்டிகள்தான் மீதம். அவற்றுக்கு ஒதுக்கிய தொகை இன்றைய விலைக்குப் போதவில்லை.

2025 ஜனவரியில் மதிப்பீடு போட்டபோது எம்-சாண்ட் யூனிட் ஒன்று கோத்தகிரி வந்து சேர ரூ.9,000 ஆனது. அந்த ஏப்ரலில் கனிம நிலங்களுக்கு மாநில அரசு புதிய வரி விதித்ததையொட்டி எம்-சாண்ட், ஜல்லி இரண்டும் ஏறின. இப்போது யூனிட் ரூ.11,400. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் லோடு ஏற்றி வரும் லாரி வாடகையும் கூடிவிட்டது. லாரி நிற்கும் இடத்திலிருந்து ஊர் வரை தலைச்சுமைதான். அந்தக் கூலியைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. ஒரு நல்ல செய்தி: செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் அங்கே கொஞ்சம் மிச்சமாகிறது.

கோரும் மாற்றம் (ரூபாயில்):

எம்-சாண்ட், ஜல்லி: 3,20,000 → 4,06,000
லாரி, சுமைகூலி: 1,10,000 → 1,38,000
சிமென்ட்: 2,40,000 → 2,22,000
பயிற்சி, களப்பயணம்: 1,60,000 → 90,000
அச்சு, பெயர்ப்பலகை: 26,000 → 0

மொத்த நன்கொடை மாறவில்லை. நிர்வாகச் செலவுத் தலைப்பைத் தொடவில்லை. ஒப்பந்தப்படி ஒரு தலைப்பில் 10 சதவீதத்துக்கு மேல் மாற்ற உங்கள் எழுத்துபூர்வ அனுமதி தேவை என்பதால் எழுதுகிறோம்.

வெளிமாவட்டக் களப்பயணத்தைக் கைவிடுவது இழப்புதான். தண்ணீர்க் குழுவின் பெண்கள் அதை ஆவலோடு எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் கணக்கை அவர்கள் முன் வைத்தபோது தொட்டிக்கே முதலிடம் என்றார்கள். குழாய் பழுதுபார்க்கும் பயிற்சி முழுமையாக நடக்கும். பெயர்ப்பலகைக்குப் பதிலாக உங்கள் அமைப்பின் பெயரைத் தொட்டிச் சுவரிலேயே எழுதிவிடலாம் என்று நினைக்கிறோம்; அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும்.

தொட்டியின் கொள்ளளவைக் குறைக்கலாமா என்றும் பார்த்தோம். கோடையில் ஊற்று மெலியும்போது இரவு முழுவதும் சேரும் நீரை வைத்தே காலைத் தேவையைச் சமாளிக்க வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டோம். அனுமதி கிடைக்காவிட்டால் இரண்டு தொட்டிகளை மட்டுமே கட்ட முடியும்; பாதையிலிருந்து மிகத் தொலைவிலுள்ள மூன்றாவது ஊர் விடுபட்டுப்போகும்.

திட்டக் காலம் மார்ச் 31-இல் முடிகிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் கான்கிரீட் போட்டால்தான் ஆற வைத்து, நீர் நிரப்பிக் கசிவு சோதிக்க அவகாசம் இருக்கும். எனவே ஜனவரி 20-க்குள் பதில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை மணலுக்கு முன்பணம் கொடுக்க மாட்டோம்.

பழைய, புதிய விலைப்புள்ளிகளும் தண்ணீர்க் குழுக் கூட்டத் தீர்மான நகலும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: 3