ஷிப்ட் வேலையில் தொழுகையும் நோன்பும்: ஹஜ்ரத்துக்கு ஒரு கடிதம்

போர்ட் லூயிஸ், மொரீஷியஸ்

மரியாதைக்குரிய ஹஜ்ரத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரை மதரஸாவில் உங்களிடம் ஓதியவன் நான். இங்கே ஒரு துணி ஆலையில் சாயப் பிரிவில் இருக்கிறேன். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்.

பகல் இரண்டு மணிக்கு ஏறினால் இரவு பத்துக்குத்தான் இறக்கம். இடைவேளை எட்டு மணிக்கு. அதற்குள் மஃரிப் நேரம் போய்விடுகிறது. அதை இஷாவோடு சேர்த்துத் தொழலாமா, களாவாகத்தான் தொழ வேண்டுமா? நான் பயணி இல்லை என்பதுதான் உறுத்தல். இங்குள்ள பள்ளிவாசல்கள் பெரும்பாலும் ஹனஃபி; அஸருக்குத் தாமதமாகத்தான் பாங்கு. நாம் ஷாஃபி ஆச்சே, மற்ற ஷிப்ட் வாரங்களில் ஊர்க் கணக்குப்படி தனியாகத் தொழுதால் போதுமா?

காலை ஷிப்டில் ஜும்ஆ தவறுகிறது. சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், ஆனால் மெஷினை விட்டு அனுப்ப மாட்டார்.

அப்புறம் நோன்பு. இரவு ஷிப்டில் ஸஹர் ஆலையிலேயே. நிய்யத்தை மறந்து பஜ்ர் வந்துவிட்டால் அந்த நோன்பு கூடுமா? சாயத்தொட்டி ஆவியில் தலை சுற்றினால் முறித்துவிட்டு, பிறகு களா நோற்கலாமா? முன்கூட்டியே விட எனக்கு மனம் வரவில்லை.

பதிலை வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினாலும் சரி, அறைத் தோழர்களும் கேட்பார்கள்.

துஆவை நாடும்
உங்கள் மாணவன்